உள்ளே போகும்போது சரி, வெளியே வரும்போது தவறு: லென்ஸ் விதி சந்தேகம்

கேள்வி: "ஐயா, காந்தம் வளையத்தைத் தாண்டி விலகிப் போகும்போது, அதன் புலத்துக்கு எதிர்த்திசையில் புலம் வருகிற மாதிரி மின்னோட்டத்தைக் குறித்தேன். லென்ஸ் விதி எதிர்க்கத்தானே சொல்கிறது? 'மாற்றத்துக்கு ஆதரவாகப் போட்டிருக்கிறாய்' என்று மதிப்பெண் தரவில்லை. எதிர்த்துப் போட்டது எப்படி ஆதரவாகும்?"

இந்தக் கேள்வி வந்ததிலிருந்து மனசு முழுக்க இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ரொம்ப நல்ல கேள்வி. லென்ஸ் விதியில் தவறுகிறவர்களின் விடைத்தாளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காந்தம் நெருங்குகிற கணக்கு எல்லாம் சரி, விலகுகிற கணக்கு எல்லாம் தவறு. என்னிடம் படித்த ஒரு மாணவி அப்படித்தான் எழுதுவாள். விதியே தெரியாமல் குத்துமதிப்பாகப் போடுகிறவர்களுக்குச் சரியும் தவறும் கலந்து வரும். இவ்வளவு ஒழுங்காகத் தவறு வருகிறது என்றால், அவள் ஏதோ ஒரு விதியைக் கச்சிதமாகப் பின்பற்றுகிறாள், ஆனால் அது லென்ஸ் சொன்ன விதி இல்லை. லென்ஸ் விதிப்படி, வளையத்தைக் கடக்கிற புலத்தின் மொத்த அளவு, அதாவது பாயம், மாறும்போது அந்த மாற்றத்தை எதிர்க்கிற திசையில் மின்னோட்டம் ஓடும்.

ஒரு வளையத்தை எடுத்துக்கொள்வோம். செம்பு வளையம், தரைக்கு இணையாகப் பிடித்திருக்கிறோம். மேலேயிருந்து ஒரு சட்டகாந்தத்தை வடமுனை கீழே இருக்கும்படி விடுகிறோம். காந்தம் வளையத்துக்கு மேலே இருக்கும்போது வடமுனையிலிருந்து புறப்படுகிற புலக்கோடுகள் வளையத்தைக் கீழ்நோக்கிக் கடக்கின்றன. காந்தம் நெருங்க நெருங்க அந்தக் கீழ்நோக்கிய பாயம் கூடுகிறது. கூடுவதை எதிர்க்க, வளையம் மேல்நோக்கி ஒரு புலத்தை உண்டாக்க வேண்டும். வலது கைப் பெருவிரலை மேலே நீட்டிப் பாருங்கள், மேலிருந்து பார்க்க மின்னோட்டம் இடஞ்சுழி. வளையத்தின் மேல்முகம் வடமுனை ஆகிறது, வருகிற வடமுனையைத் தள்ளுகிறது. சரி, இதில் யாருக்கும் சிக்கல் இல்லை.

இப்போது காந்தம் வளையத்துக்குள் புகுந்து கீழே போய்விட்டது. வளையத்துக்குப் பக்கத்தில் இருப்பது தென்முனை. புலக்கோடுகள் தென்முனைக்குள் நுழைபவை, ஆகவே வளையம் இருக்கிற இடத்தில் புலம் இப்போதும் கீழ்நோக்கித்தான் இருக்கிறது. திசை மாறவே இல்லை! மாறியது ஒன்றுதான்: கூடிக்கொண்டிருந்த பாயம் இப்போது குறைகிறது. குறைவதை எதிர்க்க என்ன செய்ய வேண்டும்? அதே கீழ்நோக்கிய திசையில் புலத்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆகவே மின்னோட்டம் வலஞ்சுழி.

நீங்கள் இங்கே "புலம் கீழ்நோக்கி, நான் மேல்நோக்கிப் போடுகிறேன்" என்று மறுபடியும் இடஞ்சுழி போட்டிருக்கிறீர்கள். புலத்தை எதிர்த்துவிட்டீர்கள். ஆனால் நடந்துகொண்டிருப்பது குறைதல். குறைகிற பாயத்தை இன்னும் குறைக்கிற மாதிரி மின்னோட்டம் வைத்தால் அது மாற்றத்துக்குத் தோள் கொடுப்பதுதானே? பாயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் போதாது, கூடுகிறதா குறைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பாயம் பற்றிய வீடியோவில் இதைத்தான் சொன்னேன், இன்னும் பல தடவை சொல்வேன்.

போட்ட விடை சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மின்னோட்டத்தைக் குறித்ததும் வளையத்தின் முகங்களில் முனைகளை எழுதுங்கள். உங்கள் இடஞ்சுழி விடையில் கீழ்முகம் தென்முனை. கீழே விலகிப் போகிற காந்தத்தின் மேல்நுனியும் தென்முனை. இரண்டும் விலக்கிக்கொள்ளும், காந்தம் வெறுமனே விழுவதைவிட வேகமாகக் கீழே போகும். வேகம் கூடினால் பாயம் இன்னும் சீக்கிரம் குறையும், மின்னோட்டம் இன்னும் கூடும், தள்ளுதலும் கூடும். வளையம் வேறு சூடாகிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு ஆற்றலையும் யார் கொடுத்தார்கள்? சரியான விடையில், காந்தம் வரும்போதும் போகும்போதும் வளையம் தருகிற விசை மேல்நோக்கியே இருக்கும்.

இதை எண்களோடு பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பிகள், அவற்றின் மேல் உராய்வில்லாமல் வழுக்குகிற 50 கிராம் உலோகத் தண்டு. தண்டின் நீளம் 0.2 மீட்டர், புலம் 0.5 டெஸ்லா, சுற்றின் மின்தடை 0.1 ஓம். தண்டை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறோம். மின்னியக்கு விசை 0.5 × 0.2 × 2 = 0.2 வோல்ட். மின்னோட்டம் 2 ஆம்பியர். அந்த மின்னோட்டத்தால் தண்டின் மேல் வருகிற விசை 0.5 × 2 × 0.2 = 0.2 நியூட்டன். இதுவரை லென்ஸ் வரவே இல்லை, இந்த அளவுகள் எந்தத் திசை போட்டாலும் இதேதான்.

சரியான திசையில் அந்த விசை தண்டைப் பின்னால் இழுக்கிறது. வேகம் v = 2e⁻²ᵗ என்று தேய்கிறது, தண்டிடம் முதலில் இருந்த 0.1 ஜூல் இயக்க ஆற்றல் முழுவதும் கம்பியில் வெப்பமாகிறது, கணக்கு நேராகிவிடுகிறது. மின்னோட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். விசை முன்னால் தள்ளும், வேகம் v = 2e²ᵗ ஆகும். ஒரே நொடியில் வேகம் கிட்டத்தட்ட நொடிக்கு 14.8 மீட்டர், இயக்க ஆற்றல் சுமார் 5.5 ஜூல். அதற்கு மேல் கம்பியில் 5.4 ஜூல் அளவுக்கு வெப்பமும் வந்திருக்கும். நாம் கொடுத்தது 0.1 ஜூல்தான்! சும்மா நிற்கிற தண்டை விரலால் லேசாகத் தொட்டால்கூடப் போதும், ஓட ஆரம்பித்து நிற்கவே நிற்காது.

லென்ஸ் இந்த விதியைச் சொன்னது 1833-ல், அச்சில் வந்தது 1834-ல். ஆற்றல் அழியாது என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியது 1847-ல். அதாவது ஆற்றல் விதியிலிருந்து லென்ஸ் இதை வருவிக்கவில்லை. கடத்தியை நகர்த்தினால் அந்த நகர்வை எதிர்க்கிற விசை வருகிற மாதிரி மின்னோட்டம் ஓடும் என்று சோதனைகளைத் தொகுத்துச் சொன்னார். நான் முனைகளை எழுதச் சொன்னேனே, அது அவர் சொன்ன வடிவத்துக்கு ரொம்ப நெருக்கம்.

உண்மையில் நீங்கள் இன்னொன்று கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆதரிக்கிற மாதிரியே தோன்றி, எதிர்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. அச்சில் சுழலக்கூடிய ஓர் அலுமினியத் தகட்டுக்கு அடியில் காந்தத்தைச் சுற்றுங்கள். தகடு எந்தப் பக்கம் திரும்பும்? "எதிர்க்க வேண்டும், ஆகவே எதிர்ப்பக்கம்" என்று எழுதுகிறவர்கள் நிறைய. தகடு காந்தத்தோடு அதே பக்கம்தான் சுற்றும். 1824-ல் அரகோ கண்டது இதன் மறுபக்கம், அவர் செம்புத் தகட்டைச் சுற்ற, மேலே தொங்கிய காந்த ஊசி கூடவே இழுபட்டது. 1831-ல் ஃபாரடே தூண்டலைக் கண்டுபிடிக்கும்வரை ஏன் என்று புரியவில்லை.

இங்கே மாற்றம் என்பது காந்தத்துக்கும் தகட்டுக்கும் இடையிலான வேக வித்தியாசம். தகடு பின்னாலேயே ஓடினால் அந்த வித்தியாசம் குறையும், எதிர்ப்பு என்றால் அதுதான். எதிர்ப்பக்கம் சுற்றினால் வித்தியாசம் கூடிப்போகும், பழைய தவறேதான். ஆனால் தகடு காந்தத்தின் வேகத்தை முழுசாக எட்டவும் முடியாது. எட்டிய கணத்தில் மாற்றம் இல்லை, மின்னோட்டம் இல்லை, இழுவையும் இல்லை, அச்சின் உராய்வு உடனே பின்னுக்கு இழுத்துவிடும். தூண்டல் மோட்டார் ஓடுவதும் இப்படித்தான். 50 ஹெர்ட்ஸில் நான்கு முனை மோட்டாரின் சுழல்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று. மோட்டாரின் பெயர்த்தகட்டைப் பாருங்கள், 1440 என்கிற மாதிரி ஒரு எண் இருக்கும்.