நடுமடியில் ஒரு ‘வி’

(மண்டபம் பகுதியில் எங்கள் மொழி மன்றம் நடத்திய புதிர் மாலையில் பேசியது. கேட்டவர்களுக்காக எழுத்தில் தருகிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். வரும்போது வாசலில் ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்திருப்பார்கள், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

விகடகவி என்ற சொல் இங்கே இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் விகடகவிதான். தேருவருதே, மோருபோருமோ என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஒரு பாட்டு முழுவதுமே அப்படித் திரும்பி வந்தால் அதற்கு மாலைமாற்று என்று பெயர். சித்திரகவி வகைகளைச் சொல்லும் தண்டியலங்காரம் இதையும் சேர்த்துச் சொல்கிறது. பூமாலையை எந்த முனையில் பிடித்துத் தூக்கினாலும் மாலை மாலைதானே, அதுதான் கணக்கு.

இதில் நமக்குக் கிடைத்திருக்கிற பெரிய சொத்து திருஞானசம்பந்தர் பாடியது. நம் ராமேசுவரத்துக்கு அவர் இரண்டு பதிகம் பாடியிருக்கிறார், ஆனால் மாலைமாற்றை மட்டும் தன் சொந்த ஊரான சீர்காழிக்கு வைத்துவிட்டார். மூன்றாம் திருமுறையில் 117ஆம் பதிகம். 11 பாட்டு, பதினொன்றும் மாலைமாற்று. முதல் பாட்டை மட்டும் பலகையில் எழுதியிருக்கிறேன்.

யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா
காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா

முதல் அடியில் 14 எழுத்து, இரண்டாவது அடியில் 14 எழுத்து. கடைசி ‘யா’வில் விரலை வைத்துப் பின்னால் நகர்த்திக்கொண்டே வாருங்கள்: யா, மா, மா, நீ, யா, மா, மா, யா, ழீ... முதல் அடியேதான். இப்போது வேறொன்றைப் பாருங்கள். இந்த 28 இடத்திலும் எத்தனை வேறு எழுத்து இருக்கிறது? யா, மா, நீ, ழீ, கா, ணா. ஆறே ஆறு. புள்ளி வைத்த எழுத்து ஒன்றுகூட இல்லை, அ ஆ இ ஈ என்று தனி உயிரெழுத்தும் இல்லை, குறிலும் இல்லை, எல்லாம் நெடில்.

ஏன் அப்படி என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. நானே ஒன்று எழுத உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. கடற்கரை ஆள் நான், கடலை வைத்துத்தான் எழுதுவேன் என்று ஆரம்பித்தேன். கடல் என்பதைத் திருப்பினால் ‘ல்டக’. மீன், ‘ன்மீ’. இறால், ‘ல்றாஇ’. அலை, ‘லைஅ’. நம் ஊருக்கு வேண்டிய சொல் எல்லாம் வாசலிலேயே விழுந்துவிட்டது. புள்ளி எழுத்து தமிழில் சொல்லுக்கு முதலில் வராது, ஆனால் சொல் முடிவில் வந்து உட்காரும், அதனால் திருப்பும்போது பெரும்பாலும் இடிக்கும். தனி உயிர் அதற்கு நேர் எதிர், சொல்லுக்கு முதலில்தான் நிற்கும், திருப்பினால் கடைசிக்குப் போய்விடும். தாத்தா, காக்கா, பாப்பா இவற்றில் புள்ளி எழுத்து தப்பிப்பது சரியாக நட்டநடுவில் இருப்பதால்தான்.

அப்படியென்றால் சம்பந்தர் யாம், ஆம், காண் என்றெல்லாம் சொல்லவே இல்லையா? சொல்லியிருக்கிறார். அங்கேதான் அவர் கை தெரிகிறது. பாட்டைப் பிரித்துப் பொருள் சொல்லும்போது ‘யாம் ஆமா? நீ ஆம் ஆம்’ என்று தொடங்குகிறது. நாங்கள் கடவுள் ஆவோமா, நீதான் ஆம், ஆம். அடுத்து ‘மாயாழீ’, பெரிய யாழை உடையவனே. ‘காமா’, எல்லோரும் விரும்புகிறவனே. ‘காண் நாகா’, பாம்பை அணிந்தவனே. ‘யாம்’ என்பதன் கடைசிப் புள்ளி அடுத்து வரும் ‘ஆ’வோடு ஒட்டி ‘மா’ ஆகிவிடுகிறது. ஒரே மூச்சில் புள்ளியும் போச்சு, தனி உயிரும் போச்சு. ‘காண் நாகா’ சேர்ந்து ‘காணாகா’ ஆகிறது. அதே மூன்று எழுத்து அடுத்த அடியில் மறுபடி வரும்போது ‘காணா காமா’ என்று வேறு இடத்தில் பிரிந்து, காமனைக் காணாமல் செய்தவனே என்று வேறு பொருள் சொல்கிறது. எழுத்து திரும்பி வருகிறது, பொருள் திரும்பி வரவில்லை, அது முன்னேறிக்கொண்டே போகிறது. ஒரு மாலைமாற்று நல்லதா இல்லையா என்று நான் பார்ப்பது இதை வைத்துத்தான். மாமா, மாமா என்று சும்மா அடுக்கினாலும் திரும்பத்தான் செய்யும்.

சரி, நம் கதைக்கு வருவோம். எல்லாச் சொல்லும் விழுந்த பிறகு மிச்சம் நின்றது வலை. வ, லை. திருப்பினால் ‘லைவ’. ‘லை’யில் தொடங்கும் சொல் நம்மிடம் இல்லை, ஆனால் ‘லை’யில் முடிகிற சொல் ஏராளம்: தலை, மலை, கலை, நிலை, விலை. வலைக்குப் பக்கத்தில் விலை! ஏலம் கூறுகிற இடத்தில் வளர்ந்தவனுக்கு அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வ, லை, வி, லை, வ. நடுவில் ‘வி’ உட்கார்ந்துவிட்டது.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். வலையின் நடுவில் மீன் சேருகிற பை, அதுதான் மடி, இரண்டு பக்கமும் நீளமான கயிறு, கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுக்கிறோம். ஒரு பக்கம் வேகமாக இழுத்து மறுபக்கம் தளர்ந்தால் மடி கோணி மீன் போய்விடும். மாலைமாற்றையும் இப்படித்தான் கட்ட வேண்டும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துக்கு எழுதிக்கொண்டு போனால் பாதியில் நிற்பீர்கள். மடியை முதலில் வைத்துவிட்டு, இந்தப் பக்கம் ஓர் எழுத்து, அந்தப் பக்கம் அதே எழுத்து என்று வெளியே போக வேண்டும்.

நடுவில் வலைவிலைவ. கடைசி ‘வ’வை ஒரு சொல்லாக்க வேண்டும். ‘ரா’ போட்டேன்: விலை வரா. அப்படியானால் முன்னாலும் ‘ரா’ வந்தாக வேண்டும்: ரா வலை விலை வரா. ராத்திரி வீசின வலைக்கு விலை வராது என்று பொருள் சொல்லலாம், மோசமில்லை. ஆனால் ‘வரா’ என்று நம்மில் யார் பேசுகிறோம்? வராதே என்போம். ஒரு ‘தே’ சேர்த்தேன், முன்னாலும் ‘தே’ சேர்ந்தது.

தேரா வலை விலை வராதே.

எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. தேராத வலை, அதாவது ஒன்றுக்கும் உதவாத வலை, விலை வராது என்று நினைத்துக்கொண்டு ரெண்டு நாள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அப்புறம்தான் உறைத்தது. உருப்படாதது என்ற பொருளுக்குத் தேறாத என்று வல்லின ‘றா’ போட வேண்டும். அதைப் போட்டால் எதிர்ப்பக்கம் ‘வறாதே’ என்று ஆகிவிடும், அப்படி ஒரு சொல்லே இல்லை. பாட்டு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். காப்பாற்றியது கண்ணகி. பாண்டியனைப் பார்த்து ‘தேரா மன்னா’ என்கிறாளே, ஆராய்ந்து பார்க்காத மன்னா என்று! அந்தத் தேரா இது. கடலுக்குப் போகுமுன் கிழிசல் இருக்கிறதா, முடிச்சு அவிழ்ந்திருக்கிறதா என்று விரித்துப் பார்க்காத வலை, தேரா வலை. நான் முதலில் நினைத்ததைவிட இதுதான் நல்ல பொருள். இந்த ஓர் எழுத்துக் குழப்பம் உங்களுக்கும் வரும், குறிப்பாக ர-ற, ல-ள-ழ, ன-ண. காதுக்கு ஒன்றாகக் கேட்கும், தாளில் எழுதிப் பார்த்தால்தான் பிடிபடும்.

இப்போது ரெண்டு சொல்லும் கையில் இருக்கிறதே, தேறுவது ஒன்று, தேர்வது ஒன்று. இரண்டையும் வைத்தே இன்னும் மூன்று மூன்று எழுத்து இழுத்துவிட்டேன்.

தேறுமா தேரா வலை?
விலை வராதே, மாறுதே!

15 எழுத்து, எட்டாவது எழுத்து ‘வி’, அதுதான் மடி. பார்க்காமல் எடுத்துப்போன வலை தேறுமா, விலை வராதே, மாறுதே. சம்பந்தர் பாட்டுக்குப் பக்கத்தில் வைக்க இதற்குத் தகுதி கிடையாது, யாப்பை நான் தொடவே இல்லை. ஆனால் புள்ளி இல்லை, தனி உயிர் இல்லை, திருப்பினால் அதே பாட்டு.

என்ன மாறுதே என்று பாட்டில் இல்லை, எழுவாய் தொங்குகிறது, அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மீன் விற்கிற எங்கள் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். “என்ன மாறுதேன்னு கேக்கணுமாக்கும்? காத்துத்தேன்” என்று சொல்லிவிட்டுத் தராசை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு நான் அதில் கை வைக்கவில்லை.

சந்தியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், நேற்று ஒரு தம்பி அனுப்பிய வரி இது: தை கரை திரை கதை. தை மாதம், கடற்கரை, அலை சொல்லும் கதை என்று அழகாக விளக்கமும் எழுதியிருந்தார். எழுத்து சரியாகத் திரும்புகிறது. ஆனால் திரை சொல்லும் கதை என்றால் ‘திரைக்கதை’ என்று ‘க்’ வந்துவிடும், வந்தால் மாலை அறுந்துவிடும். தை, கரை, திரை, கதை என்று நான்கும் தனித்தனியாக நின்றால் மட்டும் தப்பும். க, ச, த, ப வரும் இடங்களில் எல்லாம் இந்த ஆபத்து உண்டு. வலையும் விலையும் எனக்கு எளிதாக ஒட்டியதற்குக் காரணம் ‘வ’ இடையினம், அங்கே ஒற்று மிகாது. சம்பந்தரின் ஆறு எழுத்திலும் வல்லினம் ‘கா’ ஒன்றுதான் என்பதையும் இப்போது பாருங்கள்.

சரிபார்க்கும்போது கைப்பேசியை நம்பாதீர்கள். அதே தம்பி கணினியில் திருப்பிப் பார்த்தபோது ‘தே’ உடைந்து, கொம்பு தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு வந்து நின்றதாம். கணினி ‘தே’யைத் ‘த’ ஒன்று, கொம்பு ஒன்று என்று இரண்டாக வைத்திருக்கிறது, அதைத் தலைகீழாக்கினால் அப்படித்தான் சிதறும். நமக்குத் ‘தே’ ஓர் எழுத்து, ‘லை’ ஓர் எழுத்து. கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

இப்போது தாளை எடுங்கள். நடுக் கட்டத்தில் ‘ளை’ என்று எழுதுங்கள். பாளை, நாளை, காளை, மூளை, வாளை என்று ‘ளை’யில் முடிகிற சொல் எத்தனையோ இருக்கிறது, வாளை மீன்கூட இருக்கிறது. இடப்பக்கம் ‘வா’ போட்டால் வலப்பக்கமும் ‘வா’: வாளை வா. மீனைக் கூப்பிட்டாகிவிட்டது. அதற்கு வெளியே இரண்டு பக்கமும் என்ன வரும் என்று பத்து நிமிடத்தில் சொல்லுங்கள், ஐந்து பேர் ஐந்து பேராக உட்காருங்கள், பெரியவர்கள் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொடுக்கக் கூடாது.