6:58 வந்துச்சு, ஆனா நெஜமாவே வேகமாயிட்டேனா?

வணக்கம் மக்களே, இப்பதான் மெரினால ஓடி முடிச்சேன், மூச்சு வாங்குது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அஞ்சு கிலோமீட்டர் ஓடுனேன், பேஸ் 6:58, அதாவது ஒரு கிலோமீட்டர் ஓட 6 நிமிஷம் 58 செகண்டு, இது கொறையக் கொறைய வேகம்னு அர்த்தம். ஜனவரி சராசரி 7:10. அன்னிக்கு எக்செல்ல 7.10, 6.58னு புள்ளி வெச்சு டைப் பண்ணிட்டேன், 7.3 சதவீதம் முன்னேற்றம்னு காட்டுது! நானும் ஸ்டேட்டஸ்லாம் போட்டுட்டேன். அப்புறம்தான் மண்டைல ஒறைச்சுது, நிமிஷத்துக்கு 60 செகண்டு, நூறு இல்லையே. செகண்டுக்கு மாத்துனா 430, 418. வித்தியாசம் 12, அத பழைய 430ஆல வகுத்தா வெறும் 2.8 சதவீதம்.

சரி 2.8னாலும் முன்னேற்றம்தானேன்னு கேப்பீங்க. ஜனவரில அதே ரூட்ல ஓடுன நாலு ஓட்டத்தையும் பாருங்க: 7:10, 7:02, 7:16, 7:12. ஒரே மாசத்துக்குள்ளயே நல்ல நாளுக்கும் மோசமான நாளுக்கும் 14 செகண்டு, அதாவது 3.3 சதவீதம் ஆடுது, முந்தின நாள் தூக்கம், எதிர்காத்து, ராத்திரி தின்ன பரோட்டா எல்லாம் அதுல இருக்கு. அப்ப ஒரே ஒரு ஓட்டத்துல வந்த 2.8ஐ வெச்சு நான் எப்படி வேகமாயிட்டேன்னு சொல்றது?

வாட்ச்சும் பொய் சொல்லும்ங்க. அஞ்சு கிலோமீட்டர்ல ஜிபிஎஸ் 50 மீட்டர் கூட காட்டுனா பேஸ் கிலோமீட்டருக்கு நாலு செகண்டு சும்மாவே கொறஞ்சிரும். அதனால நான் இப்ப உழைப்பாளர் சிலைகிட்ட ஆரம்பிச்சு ஒவ்வொரு தடவையும் அதே கம்பத்துலதான் திரும்புறேன், தூரம் மாறாது, நேரத்த மட்டும் பாத்தா போதும்.

ஆகஸ்ட்ல மறுபடி நாலு ஓட்டம்: 6:55, 6:50, 6:59, 6:52. சராசரி 6:54, ஜனவரிய விட 3.7 சதவீதம் கம்மி. ஆனா எனக்கு அந்த 3.7 பெருசா தெரியல, ஆகஸ்ட்ல மோசமான நாளு 6:59, அதுவே ஜனவரியோட பெஸ்ட் நாள் 7:02வ தாண்டிருச்சு பாருங்க, ரெண்டு மாசமும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கவே இல்ல. இதத்தான் நான் நம்புறேன். அதுவும் ஜனவரி காலைல இருக்குற குளுமை ஆகஸ்ட்ல கெடயாது, அந்த புழுக்கத்துல அதே வேகம் வந்திருந்தாலே நான் லாபம்னு எடுத்திருப்பேன். டிசம்பர்ல திடீர்னு பேஸ் கொறைஞ்சா மட்டும் ஒடனே குதிக்க மாட்டேன், அது பாதி குளிரோட வேலையா இருக்கும், அத ஜனவரியோடதான் ஒப்பிடணும்.

செப்டம்பர்ல இதுவரைக்கும் ரெண்டுதான் ஓடிருக்கேன், 6:57, இன்னிக்கு 6:49. இன்னும் ரெண்டு ஓடிட்டு சராசரி எழுதுறேன், இப்ப எளநி குடிக்கப் போறேன்.