சுட்ட பன்னீரும் குழம்பில் விழுந்த கோழியும்

நேயர்களுக்கு வணக்கம். நாகர்கோவிலில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் குளச்சல் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது, எடையும் குறையவில்லை. "மேடம், கோழிக்கறியை நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப ராத்திரி பன்னீர் டிக்காதான். சுட்டதுதானே, எண்ணெயே கிடையாதே" என்றார். அவர் மனைவி கையோடு ஒரு டப்பாவில் அதைக் கொண்டுவந்திருந்தார். திறந்து பார்த்தேன். ஓரமெல்லாம் கருகி, கமகமவென்று, பார்க்கவே அழகாக இருந்தது. எட்டுத் துண்டு, 100 கிராமுக்குக் குறையாது.

அவர் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. அந்தத் தவறு பலருக்கும் இருக்கிறது. அதனால் இன்று டிக்காவையும் அதன் குழம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்ப்போம்.

முதலில் பன்னீர். நம் நாட்டு உணவுத் தர விதிப்படி, சாதாரணப் பன்னீரில் தண்ணீர் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தண்ணீர் போக மிச்சமுள்ளதில் பாதியாவது பால் கொழுப்பாக இருக்க வேண்டும். அப்படியானால் 100 கிராம் பன்னீரில் குறைந்தது 20 கிராம் கொழுப்பு உண்டு. கடையில் வாங்குவதில் 22, 25 என்றும் இருக்கும். அடுப்பில் சுட்டால் இது இறங்கிவிடுமா? இறங்காது. பன்னீர் பாலைப் புளிப்பு விட்டுத் திரித்துச் செய்வது. சூட்டில் சீஸ் மாதிரி உருகி வழியாது. மேல்தோல் மட்டும் சிவந்து கெட்டிப்படும், கொழுப்பு உள்ளேயே நிற்கும். தண்ணீர்தான் வெளியேறும்.

கோழியின் சங்கதி வேறு. தோல் நீக்கிய நெஞ்சுக்கறி 100 கிராமில் 3 கிராம் கொழுப்புகூடத் தேறாது. தொடைக்கறியில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். தோலோடு சுட்டால் இன்னும் கூடும். தணலில் சொட்டுகிறதே, அது பெரும்பாலும் தோலின் கொழுப்பு. அது கரியில் விழுந்து எழும் புகைதான் அந்த வாசனையைத் தருகிறது.

இப்போது நாலு பேருக்கு வீட்டில் செய்கிறோம் என்று வையுங்கள். ஆளுக்கு 100 கிராம் நெஞ்சுக்கறி. அதில் புரட்ட 100 கிராம் தயிர், மசாலா, மொத்தத்துக்கும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். ஓர் ஆளின் பங்கு 165 கலோரி, 7 கிராம் கொழுப்பு. கோழிக்குப் பதில் பன்னீர் போட்டால், மற்றதெல்லாம் அதே அளவில், 325 கலோரி, 27 கிராம் கொழுப்பு. சுடுவது ஒன்றேதான். ஆனால் கலோரி ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அடுத்து அதே துண்டுகளை ஹோட்டல் பாணி பட்டர் மசாலாக் குழம்பில் போடுவோம். நாலு பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், 50 கிராம் வெண்ணெய், 100 மில்லி கிரீம், ஒரு கைப்பிடி அண்டிப்பருப்பு, வெங்காயம், தக்காளி. நம் மாவட்டத்தில் அண்டிப்பருப்புக்குப் பஞ்சமில்லை, கை தாராளமாகவே போகும். இந்தக் குழம்பு மட்டும் ஓர் ஆளுக்கு 285 கலோரி, 27 கிராம் கொழுப்பு. கோழித் துண்டோடு சேர்த்தால் 450 கலோரி, பன்னீரோடு சேர்த்தால் 610. துண்டு மாறவில்லை, குழம்புதான் கூடியது. கிரீமுக்குப் பதில் தேங்காய்ப்பால் விட்டால் பரவாயில்லையா என்று இங்கே கட்டாயம் கேட்பார்கள். கெட்டியான முதல் பால் விட்டால் பெரிய வித்தியாசம் வராது. அதுவும் கொழுப்புத்தான்.

கண்ணால் பார்த்து ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. சாதாரண கோழிக்குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அதைப் பார்த்து "அய்யோ எவ்வளவு எண்ணெய்" என்கிறோம். பட்டர் மசாலாவில் ஒன்றும் மிதக்காது, வழவழவென்று இருக்கும். அரைத்த அண்டிப்பருப்பும் கிரீமும் கொழுப்பைப் பொடிப்பொடியாகப் பிடித்துக் கலக்கி வைத்திருப்பதால் அது பிரிவதில்லை. என் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். காலையில் பார்த்தால், நாட்டுக் குழம்பின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஓர் அடை உறைந்திருந்தது. கரண்டியால் வழித்து எடுத்துவிட்டேன். பட்டர் மசாலா முழுவதுமே களி மாதிரி இறுகியிருந்தது, எடுக்க அடையே இல்லை. மிதக்கும் எண்ணெயை நீக்கலாம், கரைந்து நிற்பதை நீக்க வழியில்லை. கிண்ணத்தில் மிச்சம் விடுவது ஒன்றுதான் வழி. துண்டுகளை எடுத்துக்கொண்டு பாதிக் குழம்பை விட்டுவிட்டால், குழம்பு தந்த கொழுப்பிலும் ஏறக்குறைய பாதி போய்விடும். ஆனால் பரோட்டா கையில் இருந்தால் யார் விடுகிறார்கள்!

டிக்கா பக்கமும் சுத்தமில்லை. கடையில் கம்பியைத் தணலில் திருப்பும்போது பிரஷ்ஷால் வெண்ணெய் தடவுவார்கள், ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை. தட்டில் மயோனைஸ் வரும். அதில் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 10 கிராம் கொழுப்பு. நெஞ்சுக்கறி டிக்காவின் மொத்தக் கொழுப்பைவிட அது அதிகம். புதினாவும் தயிரும் அரைத்த சட்னி கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் எண்ணெய் குறைத்துச் சுட்டால் வறண்டுபோகிறது என்பார்கள். பெரும்பாலும் குறை தயிரில் இருக்கும். தண்ணீர்த் தயிரில் புரட்டினால் தோசைக்கல்லில் நீர் விட்டு, துண்டு சுடாமல் வேகும். சிவக்கட்டும் என்று இன்னும் வைத்திருப்போம், அதற்குள் கறி ரப்பராகிவிடும். தயிரைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். வறுத்த கடலை மாவு ஒரு கரண்டி சேருங்கள், மசாலா ஒட்டி நிற்கும். சிரட்டைக் கரியில் சுடுகிறவர்கள் தீ அடங்கி மேலே சாம்பல் பூத்த பிறகு வையுங்கள். நடுத்துண்டை வெட்டிப் பார்த்து, உள்ளே ரோஸ் நிறம் போய், வடியும் நீர் தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். கரியாகிப்போன ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிடுங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பன்னீரை விட வேண்டியதில்லை. ஆளுக்கு 60 கிராம் எடுத்து, கம்பியில் குடைமிளகாயும் வெங்காயமும் கூட்டிக் கோத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பால் திரிப்பவர்கள் பாக்கெட்டின் நிறத்தைப் பாருங்கள். ஆவின் ஆரஞ்சில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. பாலில் இருக்கும் கொழுப்பில் பெரும்பகுதி அப்படியே பன்னீருக்குள் போய்விடும்.

குளச்சல்காரருக்கு நான் டிக்காவை நிறுத்தச் சொல்லவில்லை. கோழியைத் திரும்பக் கொடுத்தேன். நாலு பேருக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், பத்து அண்டிப்பருப்பு, கிரீமுக்குப் பதில் 100 மில்லி கெட்டியான மாட்டுப் பால், இறக்கும்போது வாசனைக்கு 10 கிராம் வெண்ணெய். சுட்ட நெஞ்சுக்கறியை இந்தக் குழம்பில் போட்டால் ஓர் ஆளுக்கு 285 கலோரி, 16 கிராம் கொழுப்பு. அவர் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பன்னீர் டிக்காவைவிட இது குறைவு. அவர் மனைவி அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்ப குழம்பே வைக்கலாமா மேடம்?" என்று கேட்டார். வைக்கலாம் என்றேன்.