எட்டாயிரம் எங்கிருந்து வருகிறது?

"மாமா, ஒரு லட்சம் போட்டால் மாதம் எட்டாயிரம் தருகிறார்களாம். என்னோடு வேலை செய்பவனுக்கு ஐந்து மாதமாகத் தவறாமல் வருகிறது. நகையை அடகு வைத்துப் போடலாமா?"

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம். 'செல்வம் சேர்ப்பது பொறுமையாலா, துணிச்சலாலா?' என்ற தலைப்பில் பொறுமையின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன். என் கையில் இருப்பது ஒரு கடிதம். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது சத்துவாச்சாரியில் இருக்கும் ஒரு தாய்மாமன், ராணிப்பேட்டைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் தம் அக்காள் மகனுக்கு எழுதியது. நான் முதலில் படித்துக்காட்டியது மருமகனின் கேள்வி. இருவரும் அனுமதி தந்ததால்தான் இந்த மேடைக்கு எடுத்து வந்தேன்.

பொறுமை என்றதும் எதிரணியினர் பழமொழிகளை எதிர்பார்த்திருப்பார்கள். இந்த மாமா பழமொழி ஒன்றுகூட எழுதவில்லை. கணக்குதான் எழுதியிருக்கிறார்.

"மருமகனே, உன் நண்பனுக்கு வந்த பணத்தை முதலில் எண்ணிப் பார்ப்போம். ஒரு லட்சம் கொடுத்தான். ஐந்து மாதத்தில் நாற்பதாயிரம் திரும்ப வந்தது. அதை அவன் வட்டி என்கிறான். அவனுடைய அறுபதாயிரம் இன்னும் அவர்களிடமே இருக்கிறதே, அதைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தானா? முதல் முழுவதும் கைக்கு வந்து சேரப் பன்னிரண்டரை மாதம் ஆகும். அதுவரை அவனுக்கு வருவது லாபமா, அவன் கொடுத்த பணமேதானா என்று அவனாலும் சொல்ல முடியாது, உன்னாலும் சொல்ல முடியாது. நீ நகையை வைத்துப் போட்டால் கணக்கு இன்னும் நீளும். நகைக் கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், எட்டாயிரத்தில் ஆயிரம் வட்டிக்குப் போய்விடும், மீதி ஏழாயிரம். ஒரு லட்சத்தை ஏழாயிரத்தால் வகுத்துப் பார். அந்த நிறுவனம் பதினைந்து மாதம் கதவைத் திறந்து வைத்திருந்தால்தான் உன் மனைவியின் நகை நட்டமில்லாமல் வீட்டுக்கு வரும்."

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் எதிரணியின் வாதத்தையும் சேர்த்தே பார்த்துவிடலாம். 'தவறாமல் பணம் வருகிறதே, அதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?' என்று எனக்கு முன்னால் பேசியவர் கேட்டார். இத்தகைய நிறுவனங்கள் தொடக்க மாதங்களில் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பணம் தருவதற்குக் காரணமே, இந்தக் கேள்வியை நம்மைக் கேட்க வைப்பதுதான். நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தால் ஒரு கோடி சேர்கிறது. மாதம் எட்டு லட்சம் பட்டுவாடா. ஆள் சேர்ப்பவருக்குக் கமிஷன், வாடகை, கண்ணாடி வைத்த அலுவலகம் என்று எல்லாம் போனாலும், எந்தத் தொழிலும் செய்யாமலேயே ஏறக்குறைய ஓராண்டுக்கு அந்தப் பணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அதற்குள் இன்னொரு நூறு பேர் வந்தால் ஆயுள் நீளும். மாமாவின் கடிதத்தில் இதற்கு ஒரு வரி இருக்கிறது: "உன் நண்பன் உனக்குச் சொன்னது நல்லெண்ணத்தால்தான் இருக்கும், ஆனாலும் நீ பணம் போட்டால் அவனுக்கு ஏதாவது கிடைக்குமா என்று ஒரு முறை கேட்டுவிடு."

மாதம் எட்டு விழுக்காடு என்ற வீதத்தையும் அவர் விடவில்லை. உண்மையிலேயே அப்படி ஈட்டும் தொழில் ஒருவர் கையில் இருந்து, வரும் லாபத்தை எடுக்காமல் அதிலேயே போட்டுவந்தால், ஒரு லட்சம் ஓராண்டில் இரண்டரை லட்சமாகும். ஐந்தாண்டில் ஒரு கோடியைத் தாண்டும். அப்படிப்பட்ட தொழில் தெரிந்தவர், மாதம் இருபத்தெட்டாயிரம் சம்பளம் வாங்கும் தொழிலாளியின் வீட்டு நகையை எதற்காக எதிர்பார்க்க வேண்டும்? பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க அனுமதி பெற்ற நிதி நிறுவனங்களே ஆண்டுக்குப் பன்னிரண்டரை விழுக்காட்டுக்கு மேல் வட்டி தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு முழுவதற்குமான அந்த வரம்பை, இங்கே இரண்டே மாதத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

மருமகன் விடவில்லை. அரசுப் பதிவு இருக்கிறது, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள் என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். மாமா அவனைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். அவன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தான். ஒன்று, கம்பெனியாகப் பதிவு செய்த சான்றிதழ். இன்னொன்று ஜி.எஸ்.டி. பதிவு. மளிகைக் கடைகூட வாங்கி வைத்திருக்கும் காகிதங்கள் இவை. இவற்றில் எதுவும் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் அனுமதி ஆகாது. மூன்றாவதாக, நண்பனிடம் கொடுக்கப்பட்டிருந்த நூறு ரூபாய் முத்திரைத்தாள். அதில் 'முதலீடு' என்ற சொல்லே இல்லை. ஒரு தனி மனிதருக்கு அந்த நண்பன் கைமாற்றாகக் கடன் கொடுத்ததாக எழுதியிருந்தது. பணம் போன வங்கிக் கணக்கும் நிறுவனத்தின் பெயரில் இல்லை. மாமா எழுதுகிறார்: "அனுமதி பெற்ற நிறுவனமா என்று ரிசர்வ் வங்கியின் sachet.rbi.org.in தளத்தில் பார்க்கலாம். பெயர் இல்லையென்றால் அத்தோடு பேச்சு முடிந்தது. பெயர் இருந்தாலும், வைப்புத்தொகை வாங்க அனுமதி உண்டா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கடன் கொடுக்க மட்டும் அனுமதி பெற்ற நிறுவனங்களே அதிகம்."

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நாம் சொல்ல முடியாது. மாதம் 6 முதல் 10 விழுக்காடு தருவதாகப் பணம் திரட்டிய, காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தில் 2022-ஆம் ஆண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனை நடத்தியது இந்த அரங்கில் பலருக்கும் நினைவிருக்கும். முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சொத்துகளை முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தின் வழியாக விற்று, கிடைப்பதை விகிதப்படி பகிர்ந்து கொடுக்கலாம். ஆனால் முடக்குவதற்குச் சொத்து அகப்பட வேண்டும். அகப்பட்டாலும் பகிர்ந்து முடிய ஆண்டுகள் ஆகும். அடகுக் கடையின் வட்டி அதுவரை காத்திருக்காது.

இனி, எதிரணி சகோதரி சொன்ன ஒன்றை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். அஞ்சலகத்தில் போடுவதும் ஒன்றுதான், பீரோவில் வைப்பதும் ஒன்றுதான், விலைவாசி எல்லாவற்றையும் தின்றுவிடும் என்றார். மாமாவும் இதை மறைக்கவில்லை. மாதம் ஐயாயிரம் வீதம் ஐந்தாண்டு தொடர் வைப்பில் கட்டினால், 2023 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள 6.7 விழுக்காட்டின்படி, கட்டிய மூன்று லட்சம் சுமார் 3,56,800 ரூபாயாகத் திரும்பும். கூடுதலாக வருவது ஐம்பத்தேழாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. விலைவாசி ஏறுகிற ஏற்றத்தில் அதிலும் பெரும்பகுதி கரைந்துவிடும். அது பணக்காரன் ஆவதற்கான வழி அல்ல என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் பீரோவில் வைப்பதும் இதுவும் ஒன்று என்பதை நான் ஏற்கமாட்டேன். மருமகனுக்கு நகையின் நினைவு ஏன் வந்தது? வீட்டில் ரொக்கம் இல்லை. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் அம்மாவின் மருத்துவத்துக்கும் ஒவ்வோர் ஆண்டும் கைமாற்று வாங்குகிறான். அந்த நெருக்கடிதான் எட்டாயிரத்தை இனிப்பாக்குகிறது.

அதனால்தான் மாமா சலிப்பூட்டும் பழக்கங்களை எழுதுகிறார். சம்பளம் முதல் தேதி வருகிறதென்றால், ஐந்தாம் தேதிக்குள் தொடர் வைப்புத் தவணை தானாகவே கழியும்படி செய்துவிட வேண்டும். மீதியை வைத்துத்தான் மாதம் ஓட வேண்டும். ஒரு தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம்தான், பெரிய நட்டமில்லை. ஆனால் நான்கு தவறிவிட்டால் கணக்கே நின்றுபோகும். "முப்பதாண்டு கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன், கணக்கு நிற்பது பெரும்பாலும் பணமில்லாமல் அல்ல. 'அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்' என்ற ஒரே காரணத்தால்தான்" என்று எழுதியிருக்கிறார். பன்னிரண்டு தவணை கட்டி ஓராண்டு முடிந்துவிட்டால், இருப்பில் பாதி வரை அதன் மேலேயே கடன் வாங்கலாம். தொடர் வைப்பின் வட்டியைவிட இரண்டு விழுக்காடுதான் கூடுதல். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு அதுவே போதும். நகை பீரோவிலேயே இருக்கலாம்.

கடிதத்தின் நடுவே ஒரு குடும்பச் சண்டையும் இருக்கிறது. எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்த அத்தை, தெருப் பெண்களோடு தாம் கட்டும் சீட்டைத்தான் கணவர் குறை சொல்கிறார் என்று எண்ணிக் கோபித்துக்கொண்டார். 'அந்தச் சீட்டில்தானே குளிர்பதனப் பெட்டி வாங்கினேன், ஒரு மாதமாவது தவறியதா?' என்று கேட்டாராம். சீட்டு வேறு, இது வேறு என்று மாமா விளக்கியிருக்கிறார். சீட்டில் பணம் உறுப்பினர்களுக்குள்தான் சுற்றுகிறது. எட்டு விழுக்காடு தருவதாக யாரும் சொல்வதில்லை. ஆனாலும் பதிவு பெற்ற சீட்டு என்றால் நடத்துபவர் பதிவாளரிடம் பிணை கட்டியிருப்பார். தெருச் சீட்டில் பிடித்து நிறுத்த நோட்டுப் புத்தகத்தைத் தவிர ஒன்றுமில்லை. அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. 'எங்கள் தெருவை எனக்குத் தெரியும்' என்று சொல்லிவிட்டார். இருவரும் இன்றுவரை அவரவர் கட்சியிலேயே இருக்கிறார்கள். பங்குச்சந்தைப் பரஸ்பர நிதியைப் பற்றி மருமகன் கேட்டதற்கு, தமக்குப் பழக்கமில்லாததைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்று மாமா ஒரே வரியில் நிறுத்திக்கொண்டார். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. மேடைப் பேச்சாளர்களுக்கு அது வருவதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

துணிச்சலை நான் பழிக்கவில்லை. கடன் வாங்கி லாங் பஜாரில் கடை போடுகிறவன் துணிந்தவன்தான். சரக்கு எங்கே வாங்கினான், எவ்வளவுக்கு விற்றான், என்ன மிஞ்சியது என்று அவனால் மாலையில் கல்லாவைத் திறந்து சொல்ல முடியும். மருமகன் போடப் பார்த்த பணத்துக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. நிறுவனத்தின் முகவரிடம் அவன் போய்க் கேட்டதற்கு, 'அன்னியச் செலாவணி வணிகம், விளக்கினால் உங்களுக்குப் புரியாது' என்பதே பதிலாக வந்தது. நகையை அவன் இன்னும் அடகு வைக்கவில்லை. வைக்கவே மாட்டேன் என்றும் மாமாவிடம் சொல்லவில்லை. நண்பனோ கிடைத்த நாற்பதாயிரத்தோடு கடன் வாங்கிய பணத்தையும் சேர்த்து மறுபடியும் ஒரு லட்சமாகப் போட்டுவிட்டானாம்.

எனக்கு அடுத்துப் பேச இருக்கும் எதிரணி நண்பருக்கு என் நேரத்தில் மிச்சமிருப்பதைத் தந்துவிடுகிறேன். அந்த எட்டாயிரம், எந்தப் பொருளை யாருக்கு விற்றதால் வந்தது என்பதை மட்டும் அவர் இந்த மேடையில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.