டை பிரேக்கர்ல ஜெயிச்சா ரிசல்ட் போஸ்ட் எப்படி எழுதணும்?

வணக்கம் மக்களே. கோத்தகிரி காந்தி மைதானத்துல நின்னு பேசறேன். பின்னாடி மூடுபனி, ஒரு கோல் போஸ்ட்தான் தெரியும். இன்னொண்ணு இருக்குன்னு நம்பிக்கங்க.

ஃபுட்பால் கிளப்ல ரிசல்ட் போஸ்ட் எழுதறவங்களுக்கான வீடியோ இது. 5-0ன்னு ஜெயிச்சா எழுதறது சுலபம். டை பிரேக்கர்ல ஜெயிச்சாத்தான் தப்பும் வரும், எதிரணிக்கு மனக்கசப்பும் வரும்.

ஒரு மேட்ச் வச்சுக்குவோம். அண்டர் 17, ஹாஃபுக்கு 35 நிமிஷம், நாம கோத்தகிரி, எதிரணி குன்னூர். 19வது நிமிஷம் குன்னூர் பத்தாம் நம்பர் கோல் போடறாரு. இடைவேளைக்கு முன்னாடி நம்ம லெஃப்ட் விங்கர் பந்தைக் குறுக்கே அடிக்கிறாரு. வெளியே தட்டப் போன அவங்க டிஃபெண்டர் கால்ல பட்டு, பந்து உள்ள போயிடுது. 1-1. டை பிரேக்கர்ல நாம அஞ்சுல நாலு, அவங்க மூணு.

முதல்ல ஸ்கோர். நிறைய பேர் கூட்டிப் போட்டு 5-4ன்னு எழுதறாங்க. அது தப்பு. விதிப்படி மேட்ச் 1-1 டிராதான். யாருக்குக் கப்புன்னு தீர்மானிக்க மட்டும்தான் டை பிரேக்கர். அதுல போட்ட கோல் அந்த வீரரோட சீசன் கணக்குலயும் சேராது. அதனால 'கோத்தகிரி 1-1 குன்னூர், டை பிரேக்கரில் கோத்தகிரி 4-3' அப்படின்னு எழுதுங்க. இதுல எதிரணிக்கும் நியாயம் இருக்கு. எழுபது நிமிஷம் அவங்க தோக்கவே இல்லை.

அடுத்து நிமிஷம். கடிகாரத்துல 18:40 ஓடும்போது கோல் விழுந்தா அது 19வது நிமிஷம். ஓடிக்கிட்டு இருக்கற நிமிஷத்தைத்தான் எழுதணும். முதல் ஹாஃப்ல கூடுதல் நேரத்துல ரெண்டாவது நிமிஷம்னா 35+2. அதை 37ன்னு போட்டீங்கன்னா, படிக்கறவங்க ரெண்டாவது ஹாஃப்னு நினைப்பாங்க. நம்ம ஊர்ல பனி இறங்கி ரெஃபரி நிறுத்தி வச்சா, கோல் நேரம் குறிக்கறவங்க குழம்பிடுவாங்க. போன் கடிகாரத்தை நம்பாம ரெஃபரிகிட்ட கேட்டு எழுதுங்க.

இப்ப அந்த சேம்சைடு கோல். நம்ம ஆள் அடிச்ச பந்து ஏற்கெனவே கோலுக்கு நேரா போயிட்டிருந்து, டிஃபெண்டர் மேல லேசா பட்டு உள்ள போனா, அது வழக்கமா நம்ம ஆள் கணக்குலதான் சேரும். வெளியே போக வேண்டியது அவர் கால்ல பட்டுத் திரும்பி உள்ள போனாத்தான் சேம்சைடு. நம்ம மேட்ச்ல பந்து குறுக்கே போயிட்டிருந்தது, அதனால சேம்சைடுதான். ரெஃபரி ரிப்போர்ட்ல அந்தப் பையன் பேர் இருக்கும், இருக்கட்டும். போஸ்ட்ல வேண்டாம். பதினாறு வயசுப் பையன் பேரை அவன் ஸ்கூல் முழுக்கப் படிக்கும். அதுக்குப் பதிலா நம்ம விங்கர் எங்கிருந்து எப்படி அடிச்சார்னு எழுதுங்க. கொண்டாட வேண்டியதும் அதுதானே?

டை பிரேக்கருக்கும் இதே கதை. அவங்க ரெண்டாவது கிக்கை நம்ம கீப்பர் இடது பக்கம் பாய்ஞ்சு தடுத்தார், கடைசி கிக் மேல் கம்பத்துல பட்டுது. தடுத்தவர் பேரைப் போடுங்க, தவறவிட்டவங்க பேரை விடுங்க. நம்ம மூணாவது கிக்கும் போச்சு. அந்தப் பையனையும் விட்டுடுங்க.

எதிரணியைப் பத்தி 'கடுமையாகப் போராடினார்கள்'னு ஒரு வரி போடறது சும்மா. எந்த மேட்சுக்கும் பொருந்தற வரி அது. பார்த்ததை எழுதுங்க. எழுதினா இப்படி வரும்:

"கோத்தகிரி 1-1 குன்னூர் (டை பிரேக்கர் 4-3). 19வது நிமிடத்தில் குன்னூரின் பத்தாம் எண் வீரர் பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்த அருமையான கோல் அவர்களுக்கு முன்னிலை தந்தது. 35+2இல் நம் இடது விங்கர் கோடு வரை ஓடி அடித்த தாழ்வான பந்து, சேம்சைடு கோலாக ஆட்டத்தைச் சமன் செய்தது. ரெண்டாம் பாதியில் ஆட்டம் பெரும்பாலும் குன்னூர் பக்கம்தான். நம் கீப்பர் மூன்று முறை காப்பாற்றினார். டை பிரேக்கரிலும் ஒரு கிக்கைத் தடுத்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். குன்னூர் அணிக்கும் ரெஃபரிகளுக்கும் நன்றி."

பாருங்க, அவங்க நல்லா ஆடினாங்கன்னு சொன்னதும் நம்ம கீப்பர்தான் இன்னும் பெருசா தெரியறாரு. 'துவம்சம்', 'மண்ணைக் கவ்வியது' எல்லாம் 1-1 மேட்சுக்கு எழுதினா, பார்த்தவங்க சிரிப்பாங்க.

போட்டோ ரெண்டு போதும்: கீப்பர் பாயற ஒண்ணு, ரெண்டு அணியும் சேர்ந்து நிக்கற ஒண்ணு. நம்ம பசங்க குதிக்கற போட்டோல, பின்னாடி எதிரணிப் பையன் தலை குனிஞ்சு உக்காந்திருக்கானான்னு பெருசாக்கிப் பாருங்க. இருந்தா வெட்டிடுங்க.

போடறதுக்கு முன்னாடி வரைவை எதிரணி மேனேஜருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. கோல் போட்டவர் பேர், கிளப் பேரோட எழுத்து, இந்த ரெண்டும் சரியான்னு மட்டும் கேளுங்க. பதில் வந்ததும் போஸ்ட் பண்ணிடுங்க.