கடைச்சாமத்துக்கு நள்ளிரவு என்று பெயர் இல்லை
(புதுச்சேரியில் சிறுகதை எழுதுவோர் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம். போன வாரம் படித்த ஒரு கையெழுத்துப் பிரதி இப்படித் தொடங்கியது: "நள்ளிரவு மூன்று மணி. தேவனாம்பட்டினம் கடற்கரையில் அவர் படகைத் தள்ளினார். பௌர்ணமி நிலா கடலிலிருந்து எழுந்துகொண்டிருந்தது." நல்ல கதைதான், ஆனால் இந்த மூன்று வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

முதலில் நள்ளிரவு. நள் என்றால் நடு. இரவை நான்கு சாமமாகப் பிரித்தால் ஒரு சாமம் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். மாலை ஆறில் எண்ணத் தொடங்கினால், மூன்று மணிக்கு நான்காம் சாமம் பிறக்கிறது. அதைத்தான் கடைச்சாமம் என்கிறோம். தொல்காப்பியம் வேறு கணக்குப் போடுகிறது. அதில் இரவு மாலை, யாமம், வைகறை என்று மூன்று பொழுதுகள். ஒவ்வொன்றும் பத்து நாழிகை என்று கொள்வது வழக்கம். அதன்படி யாமம் பத்து மணியிலிருந்து இரண்டு வரை, அப்புறம் வைகறை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் மூன்று மணி நள்ளிரவு இல்லை. நள்ளிரவில் ஊர் தூங்குகிறது. கடைச்சாமத்தில் கடலுக்குப் போகிறவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. சொல்லை மாற்றினால் அந்த வீடே மாறிவிடுகிறது.

அடுத்தது நிலா. பௌர்ணமி நிலா அந்தியில்தான் கடலிலிருந்து எழும். நடு இரவில் உச்சிக்கு வரும், மூன்று மணிக்கு மேற்கே சாய்ந்திருக்கும். நம் கடற்கரையில் மேற்கு என்றால் ஊர்ப்பக்கம். ஆகவே படகைத் தள்ளுகிறவரின் முதுகில்தான் வெளிச்சம் விழும், அவர் நிழல் அவருக்கு முன்னால் அலைமேல் கிடக்கும். இதைவிட நல்ல காட்சி அந்தக் கதைக்கு வேறென்ன வேண்டும்! (கடலூர்க் கடலில் சூரியன் மறைவதாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே அது கடலில் உதிக்கும், ஊருக்குப் பின்னால் மறையும்.)

எனக்கு ரொம்பப் பிடித்த சொல் கருக்கல். சரி, அதில் ஒரு சிக்கல் உண்டு. சில ஊர்களில் அது பொழுது சாய்ந்த நேரம், சில ஊர்களில் பொழுது விடியுமுன் உள்ள நேரம். "கருக்கலில் கிளம்பினாள்" என்று மட்டும் எழுதினால் வாசகர் பாதிப் பேர் அவளை மாலையில் அனுப்பிவிடுவார்கள். அதற்காகச் சொல்லை விட்டுவிட வேண்டாம், பக்கத்தில் வரும் வினையைக் கவனியுங்கள். "கருக்கல் கலையுமுன் கிளம்பினாள்" என்றால் அது விடியற்காலைதான். "விளக்கு வைத்தாகிவிட்டது, கருக்கல் கூடிவந்தது" என்றால் அந்தி. நம் பக்கத்தில் அந்தி வெளிச்சம் ஏறக்குறைய ஒரு நாழிகைதான் நிற்கும். அந்தியில் தொடங்கிய சண்டையை நான்கு பக்கம் இழுத்தால், முடிவதற்குள் முன்னிரவு வந்துவிடும். அதற்குள் யாராவது விளக்கேற்றியாக வேண்டும்.

அந்த நண்பர் திருத்தி அனுப்பிய தொடக்கம் இது: "கடைச்சாமம். நிலா ஊர்ப்பக்கம் இறங்கிவிட்டிருந்தது. தன் நிழல்மேலேயே படகைத் தள்ளினார்."