தேதி தாண்டிய வயிறு

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் அக்டோபர் 24-ஆம் தேதி, இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் மாமியாருடன் என் அறைக்கு வந்தார். தலைப்பிரசவம். கையில் ஃபைல், கண்ணில் தண்ணீர். "டாக்டரம்மா, பதினேழாம் தேதியே குடுத்திருந்தாங்க. ஒரு வாரம் ஆச்சு, ஒரு வலியும் இல்ல" என்றார். மாமியார் அதற்குள் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்த்துவிட்டார். அடுத்தது விளக்கெண்ணெய்தான் என்று இருந்தவரை, அது வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்து பெண்ணைச் சோர்வாக்கும், வேண்டாம் என்று தடுத்தேன்.

நான் முதலில் பார்த்தது வயிற்றை அல்ல, ஃபைலை. கடைசி மாதவிலக்கு ஜனவரி 10. அதிலிருந்து 280 நாள் எண்ணினால் அக்டோபர் 17 வருவது சரிதான். ஆனால் இந்தக் கணக்கு, 28 நாளுக்கு ஒருமுறை தூரமாகிற பெண்ணுக்குப் போட்டது. "உனக்கு எத்தனை நாளுக்கு ஒருதடவை வரும்மா?" என்று கேட்டேன். முப்பத்தேழு, முப்பத்தெட்டு நாள் ஆகும் என்றார். அப்படியானால் கரு தங்கியதே பத்து நாள் பிந்தித்தான் இருக்கும். ஏப்ரல் 4-இல் எடுத்த முதல் ஸ்கேனும் அதையே சொன்னது. மாதவிலக்குக் கணக்கில் அன்று 12 வாரம். ஸ்கேனில் கருவின் தலை முதல் பிட்டம் வரை அளந்தால் 10 வாரம் 5 நாள். ஒன்பது நாள் வித்தியாசம். அந்தக் கட்டத்தில் வித்தியாசம் 7 நாளைத் தாண்டினால் ஸ்கேன் தேதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆக, இவருடைய உண்மையான தேதி அக்டோபர் 26. தேதி தாண்டவே இல்லை, இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது.

இதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். மூன்றாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒன்பதாம் மாத ஸ்கேனில் ஒரு தேதி போட்டுக் கொடுப்பார்கள், அதை நம்பி முதல் தேதியை மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் குழந்தைகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும். கணக்கு இரண்டு மூன்று வாரம்கூட முன்பின் போகும்.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று? 26-ஆம் தேதியும் வலியில்லாமல் போய்விட்டது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. சொன்ன தேதியன்றே பிறக்கிற குழந்தை நூற்றுக்கு நான்கைந்துதான். அதற்குப் பிறகு 41 வாரம் முடிகிற வரை குழந்தையைக் கண்காணித்தோம்.

கண்காணிப்பில் முதல் வேலை தாயுடையது. சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் சாய்ந்து படுத்து அசைவை எண்ணச் சொன்னேன். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டும். "கடைசி நேரத்துல இடம் பத்தாம புள்ள ஆடாது" என்று வீட்டில் சொல்வார்கள். அது தவறு. புரள்கிற விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது. குறைந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், காலை வரை காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, வயிற்றில் பெல்ட் கட்டி இருபது நிமிடம் குழந்தையின் இதயத்துடிப்பைக் காகிதத்தில் பதிவது. என்.எஸ்.டி. என்பார்கள். துடிப்பு நிமிடத்துக்கு 110-இலிருந்து 160-க்குள் இருக்க வேண்டும், அத்துடன் இடையிடையே அது சற்று எகிறவும் வேண்டும். கோடு நேராகவே ஓடினால் குழந்தை தூங்குகிறதா, தளர்ந்திருக்கிறதா என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம். மூன்றாவது, பனிக்குட நீர். நஞ்சுக்கொடி தளர்ந்தால் குழந்தைக்கு ரத்தம் குறையும், சிறுநீர் குறையும், அதனால் நீரும் குறையும். ஸ்கேனில் மிக ஆழமான நீர்ப்பை 2 செ.மீ.க்குக் கீழே இருந்தால் காத்திருக்க மாட்டோம். நீர் வற்றினால் தொப்புள்கொடி நசுங்க வாய்ப்பு அதிகம்.

அக்டோபர் 30-இல் இவருக்கு எல்லாமே நன்றாக இருந்தது. நவம்பர் 2, 41 வாரம் முடிந்த அன்றும் நன்றாகவே இருந்தது. ஆனாலும் அட்மிட் ஆகச் சொன்னேன். மாமியார் கேட்டார்: "எல்லாம் நல்லாருக்குன்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு வலி வரவைக்கணும்?"

நல்ல கேள்வி. இந்தச் சோதனைகள் இன்றைய நிலையைத்தான் சொல்லும், அடுத்த வாரத்துக்கு உத்தரவாதம் தராது. 41 வாரத்துக்குப் பிறகு வயிற்றிலேயே குழந்தை இறக்கிற ஆபத்து, மொத்தத்தில் குறைவுதான் என்றாலும், நாளுக்கு நாள் ஏறும். சுவீடனில் சுமார் 2,760 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 41 வாரத்தில் வலி வரவைத்தார்கள். இன்னொரு குழுவை 42 வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்த குழுவில் ஆறு குழந்தைகள் இறந்தன, மற்றதில் ஒன்றுகூட இல்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவு 2019-இல் வெளிவந்தது. சிசேரியன் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். தேதி உறுதியாகத் தெரிந்த பெண்ணுக்கு 41 வாரம் முடிந்ததும் வலி வரவைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. தேதி உறுதியாகத் தெரிந்த பெண்ணுக்கு. ஆரம்பத்தில் ஃபைலைப் புரட்டியது அதற்காகத்தான்.

எப்படி வரவைப்பது என்பதைக் கர்ப்பப்பை வாய் தீர்மானிக்கும். எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மென்மையா, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்து விஷயங்களுக்கு மதிப்பெண் போடுவோம். மொத்தம் 13. எட்டும் அதற்கு மேலும் இருந்தால் வாய் தயார். இவருக்கு நான்கு. இந்த நிலையில் வலி வரவைக்கும் மருந்தை நேராக ட்ரிப்பில் போடுவது, பழுக்காத காயை உலுக்குவது மாதிரி. வலி வரும், வாய் திறக்காது. அதனால் முதலில் வாயைப் பழுக்க வைக்க வேண்டும். அதற்கு ஜெல் வைக்கலாம், மாத்திரை கொடுக்கலாம், அல்லது ஒரு ரப்பர் குழாயை வாய்க்குள் செலுத்தி அதன் நுனிப் பலூனில் நீர் ஏற்றி விடலாம். நான் பலூனைத் தேர்ந்தேன். மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் வலி கட்டுக்கடங்காமல் போவது அரிது. ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்களுக்குத் தையல் பிரியும் அபாயம் உண்டு என்பதால் அந்த மாத்திரை கூடாது, அவர்களுக்குத் தனிக் கணக்கு.

மறுநாள் காலை பலூன் தானாக வெளியே வந்துவிட்டது. வாய் மூன்று விரலளவு திறந்திருந்தது. பனிக்குடத்தை உடைத்தோம், நீர் தெளிவாக இருந்தது. பச்சையாக இருந்திருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள், இன்னும் கவனமாக இருந்திருப்போம். பிறகு ட்ரிப். பத்து நிமிடத்தில் ஐந்து வலிக்கு மேல் வந்தால் ட்ரிப்பைக் குறைப்போம், குழந்தையின் துடிப்பு இறங்கினால் நிறுத்திவிடுவோம்.

மதியம் ஆனதும் வெளியே உறவினர் கூட்டம், "இன்னும் பொறக்கல, ஆபரேஷன் பண்ணிருங்க" என்றது. பெரும்பாலான அவசரம் இங்கேதான் நடக்கிறது. தாயும் சேயும் நன்றாக இருக்கும்போது, பனிக்குடம் உடைத்து, குறைந்தது 12 மணி நேரமாவது ட்ரிப் ஓடிய பிறகுதான் வலி வரவைத்தது பலிக்கவில்லை என்று சொல்ல முடியும். ஆறு மணி நேரத்தில் சொல்ல முடியாது.

இரவு ஒன்பதேகால் மணிக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை, 3 கிலோ 100 கிராம். நகம் விரல் நுனியைத் தாண்டி வளர்ந்திருந்தது, பாதத்தில் தோல் உரிந்திருந்தது. மாமியார் அந்தப் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா இப்படி உரியுது?" என்றார். நாள் தள்ளிப் பிறக்கிற குழந்தைக்கு இது வழக்கம், சில நாளில் தானாகச் சரியாகிவிடும், பிய்த்து எடுக்காதீர்கள் என்றேன்.

நன்றி, வணக்கம்.